பகிர்ந்த திரையில் எண்களைப் படிக்க நான் கண்ட வழி

எனக்குப் பார்வைக் குறைவு உண்டு. மூன்று ஆண்டுகளாக வேலைக் கூட்டங்கள் எல்லாம் ஜூமிலும் டீம்ஸிலும்தான். விண்டோஸில் எழுத்தளவைக் கூட்டினேன், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் உயர் மாறுபாட்டுத் தீம் ஒன்றையும் வைத்தேன். மெனுக்கள் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் யாராவது திரையைப் பகிர்ந்ததும் பழையபடி வெள்ளைப் பின்னணியும் பொடி எழுத்தும்தான்.

காரணம் புரிய எனக்கு வெகுநாள் ஆனது. பகிர்ந்த திரை நம்மிடம் எழுத்தாக வருவதில்லை, வீடியோவாக வருகிறது. நம் தீமுக்கு அதில் எது எழுத்து, எது பின்னணி என்று தெரியாது.

அந்த வீடியோவின் நிறத்தையும் மாற்றக்கூடியது, திரையைப் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸின் Magnifier. Win உடன் + அழுத்தினால் திறக்கும், Ctrl+Alt+I அழுத்தினால் மொத்தத் திரையின் நிறமும் தலைகீழாகும். முகங்கள் நெகட்டிவ் போலத் தெரியும், ஆனால் அட்டவணை படிக்கும்போது அது எனக்குப் பொருட்டில்லை. சிக்கல் வேறு: 300% வைத்தால் திரையின் ஒன்பதில் ஒரு பங்குதான் கண்ணில் படும், மைக் பொத்தான் எங்கோ போய்விடும். அதனால் ஜூமில் மைக்குக்கு Alt+A என்பதை விரல்களுக்குப் பழக்கிவிட்டேன்.

பெரிதாக்கியும் படிக்க முடியாத நாள்களும் உண்டு. ஒருமுறை சக ஊழியர் 3840 புள்ளி அகலமுள்ள பெரிய மானிட்டரை முழுதாகப் பகிர்ந்து வரவுசெலவு அட்டவணை காட்டினார். என் லேப்டாப் திரை 1920 புள்ளிதான். அவர் பக்கம் 16 புள்ளி உயரமுள்ள எண், என் திரைக்குள் அடங்கும்போது 8 புள்ளியாகிவிட்டது. Magnifier அந்த எட்டைத்தான் ஊதிப் பெரிதாக்கும். 3 எது, 8 எது என்று பிரிக்க முடியவில்லை. ஜூமின் View Options-இல் Zoom Ratio-வை 200% ஆக்கினேன், அப்போதும் ஓரங்கள் மங்கலாகவே இருந்தன. அப்படியானால் வந்து சேர்ந்த படத்திலேயே விவரம் இல்லை, என் பக்கம் செய்ய ஒன்றுமில்லை.

அவரிடம் கேட்டேன்: "முழுத் திரை வேண்டாம், எக்செல் ஜன்னலைச் சின்னதாக்கி அதை மட்டும் பகிருங்கள். உள்ளே 175% வையுங்கள்." அரை நிமிடம் ஆகவில்லை, எண்கள் கூர்மையாக வந்தன. இப்போது கூட்டம் தொடங்கும்போதே இதைக் கேட்டுவிடுகிறேன். கேட்கத் தயங்கிய மாதங்களை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

ஸ்லைடுகள் என்றால் டீம்ஸில் பவர்பாயிண்ட் லைவ் வழியாகக் காட்டச் சொல்வேன். அதில் View slides in high contrast என்ற தேர்வு இருக்கிறது, நான் அதைப் போட்டாலும் மற்றவர்களுக்கு எதுவும் மாறாது. அட்டவணைக்கு மட்டும் முன்கூட்டியே கோப்பை வாங்கி என் கணினியில் திறந்து வைத்துக்கொள்கிறேன், அவர்கள் வரிசை எண்ணைச் சொன்னால் போதும்.