எஸ்எஸ்டி போட்டு வருஷக்கணக்கு ஆச்சு: ரோட்டு திரும்பி வந்தது, காசு வரேல்ல

உப்புவெளியில இருக்கிற கூட்டாளி போன கிழமை கேட்டான்: "மச்சான், எஸ்எஸ்டி போட்டா ஜிடிஏ 5 இழுக்காமல் ஓடுமோ?" ஓம் எண்டும் சொல்லலாம், இல்லை எண்டும் சொல்லலாம்.

2021 தை மாசம் நான் போட்டது சாதாரண சாட்டா எஸ்எஸ்டி. அதுக்கு முதல் 7200 சுத்து ஹார்ட் டிஸ்க். கதை மோட் திறக்க ஒண்டரை நிமிஷம் எடுத்தது அரை நிமிஷத்துக்குள்ள வந்திட்டுது. அந்தச் சந்தோஷம் ரெண்டு கிழமையில பழகிப்போச்சு. பழகாதது ரோட்டுத்தான். முந்தி ஹைவேயில காரை அமத்தினா கட்டிடமெல்லாம் கரைஞ்ச சவுக்காரம் மாதிரி நிக்கும்; ஒருநாள் முன்னால ரோட்டே இல்லை, கார் நேரா அந்தரத்துக்க போச்சு.

முழு மேப்பும் மெமரிக்க ஏறுறதில்லை. நாங்கள் ஓட ஓட முன்னால வாற துண்டுகளை எடுத்து, பின்னால உள்ளதை விட்டிடும். அந்தத் துண்டுகள் டிஸ்க்கில சிதறிக் கிடக்கும். ஒவ்வொண்டுக்கும் ஊசி நகர்ந்து, தட்டு சுத்தி வர 12 மில்லிசெக்கன் அளவில போகும். அப்ப செக்கனுக்கு 80 துண்டுதான். துண்டு 64 கேபி எண்டு வச்சா 5 எம்பி! பெட்டியில போட்டிருக்கிற 150 எம்பி வேகம் படத்தை ஒரே நீட்டுக்குக் கொப்பி பண்ணேக்கதான் வரும். எஸ்எஸ்டியில நகர ஊசியே இல்லை. எஃப்பிஎஸ் மட்டும் ஒண்டும் கூடேல்ல, அது கிராபிக்ஸ் கார்ட்டின்ர வேலை.

இனி என்ர எரிச்சல். ஒன்லைன் மோட் திறக்க முந்தியும் அஞ்சு நிமிஷம், மாத்தின பிறகும் அஞ்சு நிமிஷம். கடைக்காரரோட சண்டைக்கே போனன். "தம்பி, டிஸ்க்கில பிழை இல்லை" எண்டார். மனுசன் சொன்னது சரி. அடுத்த மாசக் கடைசியில வெளியாள் ஒருத்தர் கேமைப் பிரிச்சுப் பாத்துச் சொன்னார்: 10 எம்பி சாமான் பட்டியல் ஒண்டை வாசிக்கேக்க, ஒவ்வொரு சொல்லுக்கும் மிச்சப் பட்டியல் முழுக்க எவ்வளவு நீளமெண்டு திரும்ப அளக்குதாம். சிபியுவின்ர ஒரு கோர் தனியக் கிடந்து மாரடிக்க, டிஸ்க் சும்மா இருந்திருக்கு. அவர் திருத்திப் பாத்ததில நேரம் 70 வீதம் குறைஞ்சது. பங்குனியில கம்பனியே அப்டேட் விட்டுது. நான் குடுத்த காசு அதில ஒரு செக்கனையும் குறைக்கேல்ல.

அதால கூட்டாளிக்குச் சொன்னன்: வேகமா ஓடிப்போட்டு, இழுக்கிற நேரம் `Alt+Tab` அடிச்சு Task Manager-ல Disk-ஐப் பார். Active time 100% நிண்டு, வாசிக்கிற வேகம் சில எம்பிதான் எண்டா டிஸ்க்தான் குற்றவாளி. டிஸ்க் சும்மா இருக்க, சிபியு இல்லாட்டி ராம் நிரம்பி நிண்டா எஸ்எஸ்டி வாங்காத.

ராவு போட்டோ அனுப்பினான். 100%, 4 எம்பி.

வாங்கடா எண்டு சொல்லிப்போட்டன். ஆனா என்னைக் கேட்டா, அந்த அஞ்சு நிமிஷக் கோவம் இன்னும் போகேல்ல.