ஒரே சேதி, மூணு மெயில்: ரிப்போர்ட்டர் எதுக்கு பதில் போடுவாங்க?

ரிப்போர்ட்டருக்கு ஸ்டோரி ஐடியா அனுப்புறவங்க நிறைய பேர் மெயிலை எப்படி எழுதுறதுன்னுதான் மண்டையை உடைச்சுக்கிறாங்க, ஆனா ஆங்கிள் எதுன்னு, அதாவது சேதியை எந்தக் கோணத்துல சொல்றோம்னு, முதல்ல முடிவு பண்ணலைன்னா எவ்வளவு சுருக்கமா எழுதினாலும் அது வெறும் அறிவிப்பாத்தான் இருக்கும். ஒரே விஷயத்தை மூணு விதமா எழுதிப் பாத்தா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்.

கேஸ் இப்படின்னு வச்சுக்குவோம். வாராவாரம் கூடி, கெட்டுப்போன வீட்டு சாமானை இலவசமா சரி பண்ணிக் குடுக்குற ஒரு ரிப்பேர் குழு. எது வந்துச்சு, என்ன பழுதுன்னு ரெண்டு வருஷமா ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்காங்க. அதுல சீலிங் ஃபேன் மட்டும் 90, அந்த 90ல 58க்கு கெப்பாசிட்டர்ங்கிற சின்ன பாகம் மட்டும்தான் போயிருந்துச்சு.

முதல் மெயிலோட சப்ஜெக்ட்: "எங்கள் குழுவின் இரண்டாம் ஆண்டு நிறைவு". இதை அனுப்புறவங்களுக்கு இது பெரிய விஷயம்தான், ரெண்டு வருஷம் உழைச்சிருக்காங்க. ஆனா ரிப்போர்ட்டர் தன்னோட எடிட்டர்கிட்ட போய் ஒரே வரியில "இதை ஏன் போடணும்"னு சொல்லியாகணும், அந்த வரி இதுல இல்ல. நிகழ்ச்சிப் பட்டியல்ல ஒரு மூலையில வரலாம், அவ்வளவுதான்.

ரெண்டாவது, ஆளை வச்சு எழுதுறது. தூக்கிப் போட இருந்த ஃபேனை ஒரு பாட்டி கொண்டு வந்தாங்க, பத்து நிமிஷத்துல ஓடுச்சு. முதலாவதை விட இது எவ்வளவோ மேல், படமும் நல்லா வரும். ஆனா ஒரு பாட்டி கதை ஒரு பாட்டி கதைதான், "இது நிறைய பேருக்கு நடக்குதா?"ன்னு அடுத்த கேள்வி வரும், அதுக்கு மெயில்ல பதில் இருக்காது.

மூணாவது இது, முழுசாவே போடுறேன்:

சப்ஜெக்ட்: ரிப்பேருக்கு வந்த 90 ஃபேன், 58ல ஒரே சின்னப் பழுது

"வணக்கம் மேடம். பழைய சாமான் குப்பையாவது பத்தி நீங்க போன மாசம் எழுதினதுல, பழுதான சாமானைச் சரி பண்றது எவ்வளவு கஷ்டம்ங்கிற கேள்வி பாக்கி இருந்துச்சு. எங்க ரிப்பேர் குழுவோட ரெண்டு வருஷ நோட்டுல அதுக்கு ஒரு பதில் இருக்கு: எங்ககிட்ட வந்த 90 சீலிங் ஃபேன்ல 58க்கு கெப்பாசிட்டரை மாத்தினாலே போதுமா இருந்துச்சு. இது எங்ககிட்ட வந்த ஃபேன் கணக்கு மட்டும்தான். வெயில் காலம் ஆரம்பிக்குது, ஜனங்க புது ஃபேன் வாங்கப் போற நேரம். நோட்டைக் காட்டுறோம், ஃபேன் கொண்டு வந்தவங்க ரெண்டு பேர் பேசத் தயார், ஞாயித்துக்கிழமை வந்தா வேலையைப் படம் எடுக்கலாம். வியாழக்கிழமை வரைக்கும் இதை வேற யாருக்கும் அனுப்ப மாட்டோம்."

கீழ பேரும் போன் நம்பரும், முடிஞ்சுது. என்ன புதுசு, ஏன் இப்போ, யாரைப் பாக்கலாம்னு ரிப்போர்ட்டர் தேடுற மூணும் இதுல இருக்கு. பாட்டியும் இதுக்குள்ளயே வந்துட்டாங்க, பேசத் தயாரா இருக்குற ரெண்டு பேர்ல ஒருத்தரா. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச வரி "எங்ககிட்ட வந்த ஃபேன் கணக்கு மட்டும்தான்"ங்கிறது. அதை விட்டுட்டு "பாதிக்கு மேல ஃபேன் வீணா குப்பைக்குப் போகுது"ன்னு எழுதியிருந்தா கேக்க இன்னும் பெருசா இருக்கும், ஆனா ரிப்பேர் ஆகும்னு நம்பிக் கொண்டு வந்தவங்க ஃபேன் மட்டும்தானே அந்த நோட்டுல இருக்கு, ஒரு நல்ல ரிப்போர்ட்டர் அதை ரெண்டாவது கேள்வியிலயே பிடிச்சுடுவாங்க, அதோட மத்த எண் மேலயும் நம்பிக்கை போயிடும்.

சப்ஜெக்ட்ல எண்ணை முன்னாடி வச்சதுக்குக் காரணம், போன்ல வரியோட முதல் பாதிதான் தெரியும்.

ஒருத்தருக்கு மட்டும் அனுப்புறதா, நாப்பது பேரை BCCல போட்டுத் தட்டுறதா? தேதி மாத்தறது, கூட்டம் ரத்துங்கிற மாதிரி அறிவிப்புன்னா எல்லாருக்கும் அனுப்புறதுதான் சரி. இந்த மாதிரி கதைக்கு ஒருத்தர்தான், ஏன்னா தனக்கு மட்டும் வந்ததுன்னா அவங்க நேரம் செலவு பண்ண ஒரு காரணம் இருக்கு. ஆனா கெடு சொல்லாம "உங்களுக்கு மட்டும்"னு அனுப்பினா பதிலும் வராம, அடுத்தவருக்கு அனுப்பவும் முடியாம மாட்டிக்குவீங்க. வியாழன் வரைக்கும் பதில் இல்லையா, அதே மெயிலுக்குக் கீழ ரெண்டு வரி போட்டு, இனி மத்தவங்களுக்கும் அனுப்பப் போறோம்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் போங்க. முதல் வரியை மட்டும் அந்த ஆள் எழுதினதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும், இதை மறந்து பழைய வரியோட அனுப்பினா அங்கயே கதை முடிஞ்சுது.

பதில் வந்தா பெரும்பாலும் முதல்ல கேக்குறது "நோட்டைப் பாக்கலாமா?"ங்கிறதுதான். அதனால மெயில் அனுப்புறதுக்கு முன்னாடியே பக்கங்களைப் போட்டோ எடுத்து, ஃபேன் கொண்டு வந்தவங்க பேர், நம்பரை மறைச்சு, 58ஐ இன்னொரு தடவை எண்ணிப் பாத்து வச்சிருங்க.