இரண்டு பக்கத்தில் படரும் அட்டவணைக்கு லேபிள் போடுவது: கீழ்விளிம்பைப் பார்த்துப் போடுங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளைப் பழைய புத்தகங்களோடு பழகியவர்கள் பார்த்திருப்பீர்கள். 1951 கணக்கெடுப்பிலிருந்து மாவட்டத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டிருப்பவை. ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை வீடு, எத்தனை பேர், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், யார் என்ன தொழில் என்று வரிசையாக இருக்கும். ஒரே ஊரை 1961இலும் 1971இலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல மூலம் கிடையாது. ஸ்கேன் படங்கள் கிடைக்கின்றன, எண்கள்தான் படத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வெளியே எடுப்பதற்காக அட்டவணையைக் கண்டுபிடிக்கும் மாடல் ஒன்றைச் சொந்தமாகப் பயிற்றுவித்து, கொஞ்ச காலமாகவே பயன்படுத்தி வருகிறேன். இதில் பயிற்சிப் பக்கங்களில் அட்டவணை எங்கே இருக்கிறது என்று பெட்டி வரைந்து காட்டுவதை, அதாவது லேபிள் போடும் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் முடிவு நல்லதா கெட்டதா என்பது முக்கால்வாசி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில், ரெடிமேடாகக் கிடைக்கும் மாடல் ஏன் போதவில்லை என்று சொல்லிவிடுகிறேன். டேபிள் டிரான்ஸ்ஃபார்மர் போன்றவை நல்ல மாடல்கள்தான். ஆனால் அது பயின்ற பப்டேபிள்ஸ் தொகுப்பு அறிவியல் கட்டுரைகளிலிருந்து எடுத்தது. கணினியில் பிறந்த சுத்தமான பக்கம், ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அட்டவணை, மேலே ஒரு தலைப்பு, கீழே ஒரு கோடு. கையேட்டில் வரும் அட்டவணை வேறு மாதிரி. 1961இல் தொழிலாளர்களை ஒன்பது வகையாகப் பிரித்தார்கள், ஒவ்வொரு வகைக்கும் ஆண், பெண் என்று தனித்தனிப் பத்தி. இது ஒரு பக்க அகலத்தில் அடங்காது. அதனால் இடப்பக்கத்தில் ஊர்ப்பெயரும் முதல் சில பத்திகளும், எதிரே வலப்பக்கத்தில் மீதிப் பத்திகளும் என்று விரித்த புத்தகத்தின் குறுக்கே அட்டவணை ஓடும். பத்திகளுக்கு நடுவே கோடு உண்டு, ஊர் வரிசைகளுக்கு நடுவே கிடையாது. பொது மாடல் இதைப் பார்த்து ஒரு சமயம் ஊர்ப்பெயர்ப் பத்தியை மட்டும் தனி அட்டவணை என்று சொல்லும், இன்னொரு சமயம் நடு மடிப்பின் நிழலையே ஒரு கோடாக எடுத்துக்கொள்ளும்.

சரி, நாமே லேபிள் போடலாம் என்று முடிவெடுத்தால் முதல் கேள்வி, இது ஒரு பெட்டியா, இரண்டு பெட்டியா? பொருளைப் பார்த்தால் ஒரே அட்டவணை. ஆனால் ஒரே பெட்டியாகப் போட்டால் நடு மடிப்பு பெட்டிக்குள் வந்துவிடும். புத்தகம் வளைந்திருப்பதால் இடப்பக்கம் ஒரு பக்கமாகவும் வலப்பக்கம் மறுபக்கமாகவும் லேசாகச் சாய்ந்திருக்கும், அடுத்து படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் வரிசைகளைக் கலந்துவிடும். அதனால் இரண்டு தனி வகையாக வைத்தேன்: `table_left`, `table_right`. மூன்றாவதாக `colnum_row` என்று ஒன்று. தலைப்புக்குக் கீழே 1, 2, 3 என்று பத்தி எண்கள் மட்டும் அச்சடித்த ஒரு மெல்லிய வரி இருக்குமே, அதுதான். இந்தச் சின்ன வரிதான் எனக்கு மிகப் பெரிய உதவி. நான் எடுத்த புத்தகங்களில் தொடர்ச்சிப் பக்கங்களில் முழுத் தலைப்பு இருக்காது, ஆனால் எண் வரி மட்டும் எல்லாப் பக்கத்திலும் இருக்கும். தலைப்பு மங்கியிருந்தாலும் எந்தப் பத்தி எங்கே தொடங்குகிறது என்பதை இந்த வரி சொல்லிவிடும், இடப்பக்கம் 9இல் முடிந்து வலப்பக்கம் 10இல் தொடங்கினால் இரண்டும் ஒரே அட்டவணையின் பாதிகள் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியின் நாலு விளிம்பும் ஒரே அளவு முக்கியம் இல்லை. இடம், வலம் நாலு பிக்சல் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாது. கீழ்விளிம்பு ஒரு வரிசை மேலே ஏறிவிட்டால் ஒரு ஊரே காணாமல் போகும். அதைவிட மோசம், இந்தப் பிழையை வழக்கமான மதிப்பெண் காட்டிக்கொடுக்காது என்பது. ஒரு பக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விரித்த புத்தகத்தின் ஸ்கேன் 4960 × 3508 பிக்சல். இடப்பாதி அட்டவணை 2800 பிக்சல் உயரம், அதில் தலைப்புக்கு 400 போக மீதி 2400இல் 40 ஊர்கள், அதாவது ஊருக்கு 60 பிக்சல். நான் பயிற்றுவிக்கும் யோலோ மாடல் கேட்கும் வடிவத்தில் அந்தப் பெட்டி இப்படி இருக்கும்:

```
0 0.2581 0.5188 0.4355 0.7982
```

வகை எண், பெட்டி நடுவின் இடம், அகலம், உயரம், எல்லாம் படத்தின் அளவில் ஒரு பங்காக. இப்போது மாடல் கடைசி ஊரை விட்டுவிட்டு 2740 உயரத்தில் பெட்டி போடுகிறது என்று வையுங்கள். நம் பெட்டியும் மாடலின் பெட்டியும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் ஐஓயு 2740 / 2800, கிட்டத்தட்ட 0.98. `mAP50-95` என்ற அளவீட்டில் இருக்கும் மிகக் கடுமையான வரம்பே 0.95தான். அதையும் இந்தப் பெட்டி சுலபமாகத் தாண்டிவிடும். எல்லாப் பக்கத்திலும் கடைசி ஊரை வெட்டுகிற மாடலுக்கும் அருமையான மதிப்பெண் வரும். நாற்பதில் ஒரு ஊர் போய்விட்டது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே லேபிள் போடத் தொடங்கும் முன்பே கீழ்விளிம்புக்கு ஒரு விதி எழுதி வைக்க வேண்டும், அதுவும் வாய்வார்த்தையாக இல்லாமல் தாளில். என் விதி இது: அட்டவணைக்குக் கீழே கோடு இருந்தால் அந்தக் கோட்டிலேயே விளிம்பு. கோடு இல்லாவிட்டால் கடைசி வரிசைக்குக் கீழே அரை வரிசை உயரம் வெள்ளை விட்டு விளிம்பு. அதற்குள் நட்சத்திரக் குறியிட்ட அடிக்குறிப்பு குறுக்கிட்டால் அதற்குச் சற்று மேலே நிறுத்திவிட வேண்டும். புத்தகத் தலைப்பும் பக்க எண்ணும் எப்போதும் வெளியே. என்னோடு லேபிள் போட்ட தம்பி ஒருவர், "அண்ணா, வட்டத்தோட மொத்தம்னு மேல ஒரு வரி இருக்கே, அது உள்ளயா வெளியவா?" என்று கேட்டார். மொத்தம், கிராமம், நகரம் என்று முதலில் வரும் மூன்று வரிகளைத்தான் சொன்னார். உள்ளேதான். அவை பத்திக்குள் நிற்கும் எண்கள், பிறகு சரிபார்க்கவும் அவைதான் வேண்டும். இந்த மாதிரிக் கேள்வி வரும்போதெல்லாம் பதிலை விதித்தாளில் சேர்த்துக்கொண்டே போனோம். இரண்டு பேரும் அதே சில பக்கங்களைத் தனித்தனியாக லேபிள் போட்டு, கீழ்விளிம்பு அரை வரிசைக்கு மேல் வேறுபடும் பக்கங்களை எடுத்துப் பேசியது மிகவும் பயன்பட்டது. வேறுபாடு வந்த இடம் எல்லாமே விதியில் ஓட்டை இருந்த இடம்.

கருவி என்று பார்த்தால் CVAT பயன்படுத்துகிறேன். ஒரு பக்கத்தில் போட்ட பெட்டியை அடுத்தடுத்த பக்கங்களுக்கு அப்படியே நகலெடுக்கும் வசதி அதில் உண்டு. ஒரே மாதிரி பக்கங்கள் என்பதால் கை நிறைய நேரம் மிச்சமாகும். ஆனால் இந்த வசதியில்தான் கீழ்விளிம்பு கெடும். வட்டம் முடியும் பக்கத்தில் இருபது ஊர்தான் இருக்கும், நகலெடுத்த பெட்டி முழு உயரத்துக்கு நிற்கும், கண் பழகிப்போய் அதைத் தாண்டிவிடும். நகலெடுத்தபின் ஒவ்வொரு பக்கத்திலும் கீழ்விளிம்பை மட்டும் கையால் தொட்டு இழுத்து வைப்பது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் போதும். சாய்வை நேராக்குவதையும் லேபிளுக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். பெட்டிகள் பிக்சல்களைத்தான் குறிக்கின்றன, பின்னால் படத்தைத் திருப்பினால் பெட்டி பழைய இடத்திலேயே நிற்கும்.

பயிற்சியில் இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் மாற்ற வேண்டும்.

```
yolo detect train data=data.yaml model=yolov8m.pt imgsz=1280 fliplr=0 mosaic=0
```

`fliplr` இயல்பில் 0.5. பாதிப் படங்களை இடவலமாகப் புரட்டும். பூனை, கார் படங்களுக்கு அது நல்லது. நமக்கு இடப்பாதி வலப்பக்கம் போய் நிற்கும், லேபிள் மட்டும் `table_left` என்றே இருக்கும், மாடல் குழம்பிவிடும். `mosaic` நாலு படத்தை வெட்டி ஒன்றாக ஒட்டும், அதில் அட்டவணையின் அடிப்பகுதி பல சமயம் வெட்டுப்படும், நாம் கற்றுக்கொடுக்க நினைக்கும் விளிம்பே அங்கே இருக்காது. `imgsz` பற்றியும் ஒரு வார்த்தை. இயல்பான 640இல் மேலே சொன்ன ஸ்கேனைச் சுருக்கினால் 60 பிக்சல் வரிசை 8 பிக்சலுக்கும் கீழே போய்விடும், அந்த அளவில் கடைசி ஊர் எங்கே முடிகிறது என்று மாடலால் நுட்பமாகச் சொல்ல முடியாது. 1280இல் அது 15 பிக்சல். எண் வரி மாதிரி மெல்லிய பொருளுக்கு அது குறைந்தபட்சத் தேவை என்று நினைக்கிறேன். மெமரி போதாவிட்டால் ஒரே சமயத்தில் எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

சோதனைக்கு ஒதுக்கும் பக்கங்களைப் புத்தகம் புத்தகமாக ஒதுக்குங்கள். ஒரே கையேட்டின் 112ஆம் பக்கம் பயிற்சியிலும் 114ஆம் பக்கம் சோதனையிலும் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், வரும் மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒரு மாவட்டத்தை முழுதாக வெளியே வைத்தால்தான் வேறு அச்சகம், வேறு ஸ்கேன், வேறு தாள் நிறம் வரும்போது என்ன ஆகிறது என்று தெரியும். அப்புறம், அட்டவணை இல்லாத பக்கங்களையும் காலி லேபிளோடு சேர்க்க வேண்டும். பொருளடக்கப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஓடி பக்க எண்ணில் முடியும் வரிகள் இருக்குமே, அவற்றை மாடல் அட்டவணை என்றே நம்பும். அப்படிச் சில பக்கங்களைக் காட்டிய பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றுவிட்டது.

மாடல் சரியாக வேலை செய்கிறதா என்று நான் இப்போது பார்ப்பது அட்டவணையிலிருந்து வரும் எண்களை வைத்துத்தான். ஊர்களுக்கு வரிசை எண் உண்டு. ஒரு பக்கம் 87இல் முடிந்தால் அடுத்தது 88இல் தொடங்க வேண்டும். 89 என்றால் 88ஆம் ஊர் முந்தைய பக்கத்தின் கீழ்விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கும், அல்லது இந்தப் பக்கத்தின் எண் வரிக்குள் போயிருக்கும். இடப்பாதியிலும் வலப்பாதியிலும் வரிசைகள் சம எண்ணிக்கையில் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். இதில் ஒரு சிக்கல், நீளமான ஊர்ப்பெயர் இடப்பக்கத்தில் இரண்டு வரியாக மடங்கும், எதிரே வலப்பக்கத்தில் அந்த இடம் வெற்றாக இருக்கும். அதனால் பெயரை விட்டு, மக்கள்தொகைப் பத்தியில் எண் இருக்கும் வரிகளை மட்டும் எண்ணுகிறேன். கடைசியாக, ஊர்களின் மக்கள்தொகையைக் கூட்டினால் வட்டத்தின் மொத்த வரியோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத வட்டம் கையால் பார்க்கும் வரிசைக்குப் போய்விடும். விட்டுப்போன ஊரின் மக்கள்தொகைதான் வித்தியாசமாக நிற்கும் என்பதால் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

இன்னும் தீராதது ஒன்று. ஒரு வட்டம் பக்க நடுவில் முடிந்து, அதே பக்கத்தில் அடுத்த வட்டம் தொடங்கும்போது இரண்டு அட்டவணை ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். புதுத் தலைப்போ புது எண் வரியோ இருந்தால் புதுப் பெட்டி என்பதுதான் எங்கள் விதி. ஆனால் சில புத்தகங்களில் வட்டத்தின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் நடுவில் வந்து, எண் வரி இல்லாமலே வரிசைகள் தொடர்கின்றன. அப்படி வரும் இடத்தில் ஒரே பெட்டியாக விட்டுவிட்டு, வட்டப் பெயரை ஓசிஆர் முடிந்தபின் பிரிக்கிறேன். பெட்டியாகப் பிரிக்க முயன்றபோது மாடல் சாதாரணப் பக்கங்களிலும் நடுவில் வெட்டத் தொடங்கியது.