கட்டைவிரலா, நிப்பிளா? பல்லை எது அதிகம் கெடுக்கும்?

என் பெரியவன் மூன்று வயது வரை ரப்பர் நிப்பிளோடு தூங்கினான். சின்னவள் நிப்பிளைத் துப்பிவிட்டுக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள், ஆறு வயது வரை விடவில்லை.

முன்பல் இடைவெளி இருவருக்குமே வந்தது. பின்பற்கள் சேர்ந்து கடித்தாலும் முன்னால் மேலும் கீழும் தொடாது. தோசையைக் கடிக்கச் சொன்னால் கடைவாய்ப் பக்கம் தள்ளித்தான் பிய்ப்பார்கள். பெரியவனுக்கு நிப்பிளை நிறுத்திய சில மாதங்களில் அது தானாக மூடிக்கொண்டது.

அவனுக்குத் தங்கிப்போனது பக்கவாட்டுக் கோளாறு. நிப்பிள் வாயில் இருக்கும்போது நாக்கு கீழே படுத்துவிடும். மேல்தாடையை உள்ளிருந்து தாங்க ஆளில்லை, சப்பும் கன்னங்களோ வெளியிலிருந்து அழுத்துகின்றன. மேல்வரிசை குறுகி, கடைவாயில் கீழ்ப்பற்கள் அதற்கு வெளியே போய் உட்காரும். இது விரல் சூப்புவதிலும் வரலாம், ஆனால் நிப்பிளில்தான் அதிகம். வீட்டிலேயே பார்க்கலாம்: பிள்ளை மெல்ல வாயை மூடும்போது நாடி ஒரு பக்கமாக நழுவுகிறதா? நழுவினால் காத்திருக்க வேண்டாம். இது பெரும்பாலும் தானாகச் சரியாகாது, அப்படியே விட்டால் தாடை கோணி வளரக்கூடும். அவனுக்கு மேல்தாடையை விரிக்கும் கம்பி போட வேண்டியிருந்தது.

விரல் வேறு மாதிரி. அது நெம்புகோல். மேல் முன்பற்களை வெளியே நெம்பும், கீழ்ப்பற்களை உள்ளே சாய்க்கும், அதுவும் எந்தக் கை விரலோ அந்தப் பக்கம் கூடுதலாக. எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம். பல்லை நகர்த்த நாளுக்குச் சுமார் ஆறு மணி நேர அழுத்தம் வேண்டும் என்பது பல் சீரமைப்பு மருத்துவர்களின் கணக்கு. டிவி முன்னால் பத்து நிமிடம் சூப்புவது பெரிதல்ல, இரவு முழுக்க வாயில் கிடப்பதுதான் வினை. சின்னவளின் அந்த ஒரு விரல் மட்டும் வெளுத்து, கழுவிவிட்டது போலச் சுத்தமாக, கணுவில் காய்ப்போடு இருக்கும். விரலே சாட்சி.

இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் நிப்பிளையே சொல்வேன். குப்பையில் போட முடியும், விரலை என்ன செய்வது? ஒரு வயதுக்குப் பிறகு நிப்பிளைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். காதுத் தொற்றுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. எதுவானாலும் மூன்று வயதுக்குள் நின்றால் நல்லது. நிலைத்த முன்பற்கள் முளைக்கும் ஆறு, ஏழு வயதைத் தாண்ட விடவே கூடாது.

வேப்பெண்ணெய் தடவினோம், தாவணியில் துடைத்துவிட்டுச் சூப்பினாள். சரி, அது என் அம்மா யோசனை. பலித்தது, இரவில் முழங்கையில் தளர்வாகச் சுற்றிய எலாஸ்டிக் பேண்டேஜ். கை மடங்காததால் தூக்கத்தில் விரல் வாய்க்கு எட்டவில்லை. அவளே சம்மதித்துக் கையை நீட்டியதால்தான் நடந்தது. அதுவும் தோற்றிருந்தால் அண்ணத்தில் கம்பித் தடுப்பு வைத்து, பழக்கம் நின்ற பிறகும் ஆறு மாதம் போல விட்டுவைக்க வேண்டியிருந்திருக்கும்.

இடைவெளி மூடிவிட்டது. மேல்பல் மட்டும் இன்னும் 6 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. 2, 3 இருந்தால் போதுமாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் ஸ்கேலை வைத்து அளக்கிறார்.