இரண்டு இலவசக் கண் முகாம் அறிவிப்புகள்: யார் எதற்குப் போக வேண்டும்?

ஒரே வாரத்தில் இரண்டு இலவசக் கண் பரிசோதனை முகாம்களின் அறிவிப்புகள் கைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில், "அனைவரும் வரலாம், காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை, கைபேசி எண் மட்டும் போதும்" என்று இருக்கிறது. இரண்டாவதில், "40 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், பார்வை மங்கியவர்கள் வரவும், பதிவு காலை 8 மணி முதல் 12 மணி வரை மட்டுமே, அடையாள அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், சாப்பிட்டு வரும் மாத்திரைகள் ஆகியவற்றுடன் துணைக்கு ஒருவரையும் அழைத்து வரவும்" என்று இருக்கிறது. படித்தவுடன் முதலாவதுதான் வசதி என்று தோன்றும். ஆயினும் யார் வர வேண்டும், எதைக் கொண்டுவர வேண்டும், எப்போது வர வேண்டும் என்ற மூன்று வரிகளைச் சற்று ஊன்றிப் படித்தால், முகாமுக்குள் என்ன சோதனை நடக்கப்போகிறது என்பதை வீட்டிலிருந்தே பெரும்பாலும் கணித்துவிடலாம்.

நேரத்திலிருந்து தொடங்குவோம். மாலை வரை நடக்கும் முகாமில் பெரும்பாலும் பார்வைத்திறன் அளக்கப்படும். கருவியில் கண் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள், கண்ணாடிக்கான பவரை எழுதிக் கொடுப்பார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும் என்பதால் எப்போது வந்தாலும் பார்த்துவிட முடியும். இரண்டாவது முகாம் நண்பகலோடு பதிவை முடிப்பதற்குக் காரணம் கண் பாப்பாவை விரியச் செய்யும் சொட்டு மருந்து. அதை விட்டதும் கண் சற்று எரியும். மூடிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். சிறிது நேரம் கழித்து ஒரு செவிலியர் டார்ச் அடித்துப் பார்த்து, பாப்பா இன்னும் சுருங்குகிறது என்றால் மறுபடியும் ஒரு சொட்டு விடுவார். பாப்பா முழுமையாக விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும், நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். அதன் பிறகு 4 முதல் 6 மணி நேரம் வரை எழுத்துகள் கலங்கலாகத் தெரியும், வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் வேண்டும் என்று அறிவிப்பு சொல்வது இதற்காகத்தான்.

இந்தச் சொட்டு மருந்துதான் இரண்டு முகாம்களையும் பிரிக்கும் கோடு என்பது என் கருத்து. பாப்பா விரியாத நிலையில் கண்ணுக்குள் பார்ப்பது மிகவும் குறுகிய பார்வையே. விழித்திரையின் ஓரப்பகுதி தென்படாது, கண்ணின் உள்ளே இருக்கும் லென்சின் விளிம்பில் தொடங்கும் கண்புரையும் தப்பிவிடக்கூடும். சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பு வெகுநாள் வரை பார்வையைக் குறைக்காமலேயே வளரக்கூடியது என்பதால், "எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது" என்று சொல்கிறவரும் இரண்டாவது முகாமுக்குப் போக வேண்டியவர்தான்.

இதை ஒரு நபரை வைத்துப் பார்க்கலாம். 62 வயதுப் பெண்மணி. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். தூரத்தில் வருகிறவர் யாரென்று அடையாளம் தெரியவில்லை; ஆனால் சில மாதங்களாகப் படிக்கும் கண்ணாடி இல்லாமலேயே செய்தித்தாள் படிக்க முடிகிறது என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார். அவர் முதல் முகாமுக்குப் போனால், சோதனையில் தூரப்பார்வை 6/18 என்று வரும். அதாவது நல்ல பார்வை உள்ளவர் 18 மீட்டரிலிருந்து படிக்கும் வரியை இவர் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறார். மைனஸ் பவர் கண்ணாடி வைத்ததும் ஒன்றிரண்டு வரிகள் கூடுதலாகத் தெரியும், கண்ணாடி எழுதித் தரப்படும், அவரும் திருப்தியோடு வீடு திரும்புவார். இரண்டாவது முகாமில் அதே 6/18 வந்த பிறகு கேள்வி தொடங்கும்: இந்த வயதில் புதிதாக மைனஸ் பவர் ஏன் வந்தது? லென்சின் நடுப்பகுதி இறுகிப் புரை உண்டாகும்போது கண்ணின் பவர் மைனஸ் பக்கம் நகரும். படிக்கும் கண்ணாடி தேவைப்படாமல் போவது அதன் அடையாளமே தவிரப் பார்வை திரும்பியதன் அடையாளம் அன்று. ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தாலும் பவர் இதேபோல் மாறக்கூடும். அப்படி மாறிய நேரத்தில் செய்துகொள்ளும் கண்ணாடி, சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு பொருந்தாது. இரண்டில் எது என்று பிரித்தறிய மருத்துவருக்கு உதவுவது, விரிந்த பாப்பா வழியாக லென்சைப் பார்ப்பதும் அந்தப் பெண்மணி கையோடு கொண்டுவந்த ரத்தச் சர்க்கரை அறிக்கையும்தான்.

ஆவணங்களின் பட்டியல் நீளமாக இருப்பதைப் பலர் தொந்தரவாகக் கருதுகிறார்கள். அடையாள அட்டை பதிவுக்கானது, அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; ஒரு நகலும் எடுத்துக்கொண்டால் போதும். மாத்திரைச் சீட்டு அப்படிப்பட்டதன்று. ஆண்களில் பலர் புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறார்கள். அதைக் கண்ணோடு தொடர்புபடுத்தி அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த மருந்து பாப்பாவைச் சுற்றியுள்ள கருவிழித் திரையைத் தளர்த்திவிடுவதால், கண்புரை அறுவை சிகிச்சையின்போது திரை தொய்ந்து பாப்பா சுருங்கிக்கொள்ளும். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்பத் தயாராக இருப்பார். மருந்தை நிறுத்திவிட்டேன் என்பவரும் அதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் நிறுத்திய பிறகும் அந்த விளைவு நீடிக்கலாம். சீட்டு கிடைக்காவிட்டால் மாத்திரை அட்டையையே எடுத்துச் செல்லலாம். பழைய கண்ணாடியையும், அது உடைந்திருந்தாலும், கொண்டுபோக வேண்டும். பவர் எவ்வளவு வேகமாக மாறியிருக்கிறது என்பதை அதிலிருந்துதான் கணிப்பார்கள்.

முதல் முகாம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. 45 வயதில், வேறு நோய் எதுவும் இல்லாமல், எழுத்தைக் கை நீட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது என்பவருக்கு அதுவே போதுமான தொடக்கம். அரைநாள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் புதுக் கண்ணாடி போட்ட பிறகும் பார்வை தெளியாவிட்டால் அவரும் பாப்பாவை விரித்துப் பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டும். சிறு குழந்தைகளுக்கு இரண்டுமே முழுமையாகப் பொருந்தாது. கருவியைப் பார்க்கும்போதே அவர்களுடைய கண் அருகில் பார்ப்பதுபோல் குவிந்துவிடுவதால் மைனஸ் பவர் மிகையாகக் காட்டும். குவிக்கும் தசையைத் தளர்த்தும் வேறு மருந்து விட்டுச் சோதிக்க மருத்துவமனைதான் சரி.

இரண்டாவது முகாமுக்கும் எல்லை உண்டு. கண் அழுத்தத்தை ஒருமுறை அளந்து சரியாக இருந்தது என்பதால், பார்வை நரம்பைப் பாதிக்கும் குளுக்கோமா நோய் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ அந்த நோய் இருந்தால் பதிவின்போதே சொல்லி, பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சொட்டு மருந்து விட்ட நாளின் மாலையில் கடும் கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் என்று ஏதேனும் தோன்றினால், அபூர்வமாகச் சிலருக்கு ஏற்படும் திடீர் அழுத்த உயர்வாக அது இருக்கலாம். விடியும்வரை பொறுக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்த முகாமுக்காகவும் காத்திருக்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். திடீரெனப் பார்வை போனவர், கண்முன் திரை இறங்குவதுபோல் அல்லது மின்னல் பளிச்சிடுவதுபோல் காண்பவர், கண் சிவந்து வலிப்பவர் ஆகியோர் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரசாயனம் தெறித்தவர் முதலில் ஓடும் தண்ணீரில் கண்ணை நன்றாக அலசிவிட்டுப் புறப்பட வேண்டும்.