பி.டி.எப் கோப்புகளைச் சேர்க்க ஸ்கேன் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

கிளிநொச்சி, பரந்தன், முல்லைத்தீவுப் பக்கம் விண்ணப்ப வேலைக்குக் கொமியூனிகேஷன் கடைகளுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

தங்கச்சியின் வேலை விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, கிராம அலுவலர் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எப் ஆகக் கேட்டிருந்தார்கள். நான்கும் தனித்தனி பி.டி.எப் ஆகப் பென்டிரைவில் இருந்தன. கிளிநொச்சியில் ஒரு கடையில் கொடுத்தாள். "அப்பிடிச் சேர்க்கேலாது தங்கச்சி, பிரிண்ட் எடுத்துத்தான் ஸ்கேன் பண்ணோணும்" என்று சொல்லி, ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரிண்ட் காசு, ஸ்கேன் காசு இரண்டும் வாங்கியிருக்கிறார்கள். வந்த கோப்பு பெரிதாக இருந்ததால் விண்ணப்பத் தளம் ஏற்கவில்லை. உடனே அதை ஏதோ ஓர் இணையத்தளத்தில் ஏற்றிச் சுருக்கினார்கள், அதற்கும் காசு. கடைசியில் அடையாள அட்டை எண்ணில் 3 எது, 8 எது என்று தெரியாமல் விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறந்த திகதி, முகவரி, கையெழுத்து உள்ள கோப்பை முகம் தெரியாத தளத்துக்கு அனுப்பியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சேர்க்க முடியாது என்பது பொய். qpdf என்ற இலவச மென்பொருளை ஒருமுறை கணினியில் போட்டுவிட்டால் அப்புறம் டேட்டாவே தேவையில்லை. கோப்புகள் உள்ள போல்டரில் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து இதை அடித்தால் போதும்:

```
qpdf --empty --pages 1.pdf 2.pdf 3.pdf 4.pdf -- all.pdf
```

எந்த ஒழுங்கில் உங்கள் கோப்புகளின் பெயரைக் கொடுக்கிறோமோ அதே ஒழுங்கில் all.pdf என்ற ஒரே கோப்பாகச் சேரும். பக்கங்களை அப்படியே எடுத்து வைப்பதால் தெளிவு குறையாது. உங்கள் கோப்பைப் பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்தார்களா என்று பார்க்க, முன்பு மவுஸால் தெரிவு செய்ய முடிந்த எழுத்தை இப்போதும் தெரிவு செய்து பாருங்கள். முடியாவிட்டால் அது வெறும் படம்.

பெரிய பாடப் புத்தகத்தை அத்தியாயமாகப் பிரிக்கவும் இதே கடையில் பக்கக் கணக்கில் காசு கேட்டார்களாம். அதையும் qpdf மூலமே செய்யலாம், கவனிக்க வேண்டியது பக்க எண். தாளில் 1 என்று அச்சான பக்கம், அட்டை, முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் தாண்டிக் கோப்பில் 13ஆம் பக்கமாக இருக்கலாம். அப்படியென்றால் எல்லா எண்ணோடும் 12 கூட்ட வேண்டும். பொருளடக்கத்தில் இரண்டாம் அத்தியாயம் 29 முதல் 56 வரை என்றால்:

```
qpdf book.pdf --pages . 41-68 -- 2.pdf
```

கூட்டாமல் விட்டால் பாடம் நடுவில் அறுந்து நிற்கும். கட்டளை அடிக்க விருப்பமில்லாதவர்களுக்கு PDFsam Basic இருக்கிறது. அதுவும் இலவசம், உங்கள் கணினியிலேயே வேலை செய்யும். புத்தகத்தில் புக்மார்க் இருந்தால் அத்தியாயங்களைத் தானாகவே பிரித்துத் தரும். ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களில் பெரும்பாலும் புக்மார்க் இருக்காது, அங்கே பக்க எண்தான் வழி.

கணினி இல்லாமல் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், "பிரிண்ட் எடுக்க வேண்டாம், இணையத்தில் ஏற்ற வேண்டாம், கோப்பைச் சேர்த்து மட்டும் தாங்கோ" என்று முதலே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் அவர்களுடைய கணினியில் உள்ள பிரதியையும், Recycle Bin இல் இருப்பதையும் உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.