வாய் கொப்பளித்தால் போதுமா, ஸ்பேசரும் வேண்டுமா?

போன பிப்ரவரியில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு வாயில் வெள்ளை படர்ந்தது. ஒருவன் 7 வாரமே ஆன என் மகன். இன்னொருவர் 68 வயதான என் அம்மா. இருவருக்கும் வந்தது கேண்டிடா என்ற ஒரே பூஞ்சைதான். குழந்தையின் வாயில் எதிர்ப்புச் சக்தி இன்னும் முதிரவில்லை, அதனால் அவனுக்கு வந்தது. அம்மாவுக்கு, ஆஸ்துமாவுக்குக் காலையிலும் இரவிலும் அடிக்கும் ஸ்டீராய்டு பம்பிலிருந்து தொண்டையில் தங்கிய மருந்தினால் வந்தது.

முதலில் குழந்தை. நாக்கு வெள்ளையாக இருந்ததைப் பால் என்று நினைத்து நான் விட்டுவிட்டேன். பாதி சரிதான். ஈர மஸ்லின் துணியை விரலில் சுற்றி மெதுவாகத் துடைத்தபோது நாக்கின் நடுவில் இருந்த வெள்ளை வந்துவிட்டது, அது பால். கன்னத்தின் உள்பக்கத்திலும் கீழ் உதட்டின் உள்ளேயும் தயிர்த் திப்பி ஒட்டியதுபோல இருந்தது மட்டும் நகரவில்லை. கொஞ்சம் அழுத்தியதும் அடியில் சிவந்த இடம் தெரிந்தது, ஒரு பொட்டு ரத்தமும் வந்தது. அதோடு கையை எடுத்துவிட்டேன். நாக்கில் மட்டும் இருந்து, துடைத்தால் போவது பால். கன்னத்திலும் ஈறிலும் அண்ணத்திலும் இருந்து, துடைத்தும் போகாதது பூஞ்சை. ஒருமுறை பார்த்தால் போதும். சுரண்டிக்கொண்டே இருந்தால் புண்ணாகி, பிள்ளை பால் குடிக்காது.

"இது அக்கரம், கண்ணு. கொஞ்சம் தேன் தடவு" என்றார் அம்மா. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் வாயில் படவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் அந்த வயதுக் குடலில் முளைத்துத் தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். இதைச் சொன்னதும் அம்மா மறுபேச்சு பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "எனக்கும் அப்படித்தான் இருக்கு, பாரேன்" என்று வாயைத் திறந்தார். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அண்ணத்தின் பின்பக்கத்திலும் உள்நாக்கின் இருபுறமும் வெள்ளைப் புள்ளிகள். இரண்டு வாரமாகக் குரல் கரகரத்ததையும், கறி காரமில்லாமலே எரிந்ததையும் அன்றுதான் சொன்னார். வெள்ளைக்குப் பயந்து நான்கு நாளாக ஸ்டீராய்டு பம்பை நிறுத்தியிருந்தார். இரவில் மூச்சு இழுத்ததற்குக் காரணமும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளை வந்தால் பம்பை நிறுத்தக் கூடாது. பூஞ்சைக்கு மருந்து போட்டுக்கொண்டே பம்பைத் தொடர வேண்டும்.

மருந்தில் இரண்டு வழி இருந்தது: மைக்கோனசோல் ஜெல் அல்லது நிஸ்டாட்டின் சொட்டு. பக்கத்து வீட்டில் ஜெல் டியூப் ஒன்று தந்தார்கள். ஒட்டி நிற்கும், இனிப்பாகவும் இருக்கும் என்பதால் எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. மருந்துக்கடைப் பெண் கேட்ட இரண்டே கேள்வியில் அது கைவிட்டுப் போனது. "குழந்தைக்கு எத்தனை மாதம்? ஆன்ட்டி வார்ஃபரின் சாப்பிடுகிறார்களா?" 4 மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தையின் தொண்டையில் அந்தக் கெட்டி ஜெல் அடைத்து மூச்சுத் திணறலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு, வாயில் தடவும் ஜெல்லே ரத்தக்கசிவை உண்டாக்கும் அளவுக்கு அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும். அம்மா இதயத் துடிப்புக்காக வார்ஃபரின் சாப்பிடுபவர். ஆக, எங்கள் வீட்டில் இரண்டு வாய்க்கும் ஜெல் ஆகாது.

நிஸ்டாட்டின் ஏறக்குறைய முழுதும் குடலோடு போய்விடும், ரத்தத்தில் கலக்காது. 1 மில்லியில் 100 000 யூனிட் உள்ளது. நாளுக்கு 4 முறை, ஒவ்வொரு முறையும் 1 மில்லி. குழந்தைக்குப் பால் கொடுத்த பிறகு, பாதியை இந்தக் கன்னத்திலும் பாதியை அந்தக் கன்னத்திலும் விட்டேன். பாலுக்கு முன்னால் கொடுத்தால் பாலே அதைக் கழுவிவிடும். அம்மா பல்செட்டைக் கழற்றிவிட்டு, வாயில் சுழற்றி முடிந்தவரை வைத்திருந்து விழுங்கினார். வெள்ளை 5 நாளில் போய்விட்டாலும் மேலும் 2 நாள் கொடுத்தோம். எனக்குக் காம்பில் எரிச்சல் இருந்ததால் கிளினிக்கில் கிரீம் தந்தார்கள், அதையும் அதே நாளில் தொடங்கினேன். தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் போடாவிட்டால் மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்கும். ரப்பர் சூப்பானையும் தினம் கொதிக்கவைத்தோம். குழந்தையின் கதை அதோடு முடிந்தது.

அம்மாவுக்கு அப்படி முடியவில்லை, ஏனென்றால் பம்ப் நாளையும் வேண்டும். மறுபடி வராமல் தடுக்க முன்னால் இருந்தவை இரண்டு: பம்பை நேராக வாயில் அடித்துவிட்டு வாய் கொப்பளிப்பது, அல்லது பம்புக்கும் வாய்க்கும் இடையில் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயை வைப்பது.

கொப்பளிப்பது செலவில்லாதது, உடனே செய்யலாம். ஆனால் அம்மா ஏற்கெனவே கொப்பளித்துக்கொண்டுதான் இருந்தார்! எப்படி என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். பம்ப் அடித்துவிட்டு ஒரு வாய் தண்ணீரை மடக்கென்று குடித்தார். அதனால் தொண்டையின் பின்சுவரில் படிந்த மருந்து சரியாகப் போகாது. தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டை வரை கொப்பளித்து, துப்ப வேண்டும், அதுவும் இரண்டு முறை. அதைவிடக் கஷ்டம் மறதி. இரவில் பல் தேய்த்து முடித்துப் படுக்கையில் உட்கார்ந்து பம்ப் அடிப்பவர், மறுபடி எழுந்து குழாய்க்குப் போக மாட்டார். பம்பைத் தலைமாட்டிலிருந்து எடுத்துப் பல் பிரஷ் டப்பாவில் போட்டேன். முதலில் பம்ப், அப்புறம் பல் தேய்ப்பது. இந்த இடமாற்றமே பாதிக் குறையைத் தீர்த்தது.

மீதிப் பாதிக்குத்தான் ஸ்பேசர், நான் சாய்வதும் அதன் பக்கம்தான். பம்பை அழுத்தியதும் மருந்து வேகமாகப் பாய்ந்து தொண்டைச் சுவரில் மோதுகிறது. நேராக அடிக்கும்போது பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான் நுரையீரலுக்குப் போகும். ஸ்பேசர் குழாயில் அந்த வேகம் தணிகிறது, பெரிய துளிகள் அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்கின்றன, நுண்ணிய மூட்டம் மட்டும் மூச்சோடு உள்ளே போகிறது. பூஞ்சைக்கு இடம் கொடுக்கும் படிவு வாய்க்கு வராமலே தடுக்கப்படுகிறது. ஒரு முறைக்கு ஒரு அழுத்தம், உடனே மெதுவாக ஆழ்ந்து இழுத்து 10 எண்ணும் வரை பிடிப்பது. பிடிக்க முடியாதபோது அதிலேயே 5, 6 முறை சாதாரணமாக மூச்சு விடலாம். கைக்குழந்தைக்கு ஸ்டீராய்டு பம்ப் தேவைப்பட்டால் முகமூடி வைத்த ஸ்பேசர்தான் வழி. குழந்தை கொப்பளிக்காது, அதனால் அடித்தபின் முகத்தையும் வாயையும் ஈரத்துணியால் துடைத்துப் பாலோ தண்ணீரோ கொடுப்பார்கள். எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை.

ஸ்பேசரில் எல்லாம் கழுவுவதில்தான் இருக்கிறது. அதை நான் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன். முதல் ஞாயிற்றுக்கிழமை நன்றாகக் கழுவி, டீ டவலால் உள்ளே பளபளவென்று துடைத்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை அம்மா, "இந்தக் குழாயில் மருந்தே வரல, நெஞ்சு அடைக்குது" என்றார். அவர் சொன்னது உண்மை. பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும், மூட்டம் முழுவதும் சுவரில் ஒட்டிக்கொள்ளும். புதிதாக வாங்கியதிலும் அது இருக்கும். எனவே முதல் முறை பயன்படுத்தும் முன்பும், அப்புறம் மாதம் ஒருமுறையும் இப்படிக் கழுவுகிறேன்: வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, அதில் 15 நிமிடம் ஊறவைத்து, எடுத்து ஆட்டி, அப்படியே செங்குத்தாக நிறுத்திக் காயவைப்பது. துணியும் வேண்டாம், உள்ளே நல்ல தண்ணீரும் விட வேண்டாம். அந்த மெல்லிய சோப்புப் படலம்தான் மின்னேற்றத்தை அடக்குகிறது. வாயில் படும் முனையை மட்டும் கழுவிக்கொள்ளலாம். சில ஸ்பேசர்களின் தாளில் அலசச் சொல்லியிருக்கும், அப்போது தாள் சொல்வதையே செய்ய வேண்டும். டர்பனில் கோடையின் ஈரக்காற்றில் காய ஒரு முழு இரவு ஆகிறது. காயாமல் பையில் போட்டு மூடினால் உள்ளே துளிகள் நிற்கும், வால்வு ஒட்டிக்கொள்ளும். மூச்சு விடும்போது வால்வு டிக் டிக் என்று அசையவில்லை என்றால் புதியது வாங்க வேண்டும்.

வாங்கும் வரை எங்கள் வீட்டில் 500 மில்லி கூல்டிரிங்க் பாட்டில்தான் ஸ்பேசர். தென்னாப்பிரிக்காவில் பலருக்கும் தெரிந்த வழிதான். பம்பின் வாய் அளவுக்கு வளைத்த கம்பியைச் சூடாக்கிப் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் இளகியிருக்கும்போதே பம்பைச் செருகி, சுற்றிலும் பசையால் அடைப்பது. பாட்டிலின் கழுத்துதான் வாய்முனை. கேப் டவுனில் குழந்தைகளிடம் நடத்தி 1999ல் வெளிவந்த ஆய்வில், இப்படி அடைத்த பாட்டில் கடை ஸ்பேசர் அளவுக்கே வேலை செய்தது. ஓட்டையைச் சுற்றி அடைக்காதது அவ்வளவு நன்றாக இல்லை, தெர்மோகோல் கப் இன்னும் மோசம். அங்கே பார்த்தது மூச்சுத் திணறலுக்கு உடனே அடிக்கும் மருந்தை. வாய்ப் பூஞ்சையை அல்ல. பாட்டிலில் வால்வும் இல்லை. எங்களுக்கு மூன்று வாரம்தான் பழக்கம். ஆனால் நேராக அடிப்பதைவிட அம்மாவுக்குத் தொண்டை எரிச்சல் குறைந்தது.

தூள் வகைப் பம்பையும் யோசித்தோம். அதற்கு ஸ்பேசர் பொருந்தாது, வேகமாக இழுக்கத் தெம்பு வேண்டும், அப்புறமும் கொப்பளிக்கத்தான் வேண்டும். அம்மாவின் மூச்சுக்கு அது சரிப்படாது என்று நர்ஸ் சொன்னார். இளையவர்களுக்கு எப்படி என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது அம்மா ஸ்பேசரில் அடித்து, கொப்பளித்துத் துப்பி, பல் தேய்க்கிறார். பல்செட்டை இரவில் கழற்றி ஊறவைக்கிறார். அதற்குப் பிறகு வெள்ளை வரவில்லை. 7 நாள் சொட்டு விட்டும் போகாவிட்டால், விழுங்கும்போது நெஞ்சு வலித்தால், பிள்ளை பால் மறுத்தால் காத்திருக்காமல் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். பம்பே அடிக்காத பெரியவருக்கு இப்படி வந்தால் சர்க்கரையும் எச்ஐவியும் பார்க்கச் சொல்வார்கள், குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வந்தாலும் எச்ஐவி பார்ப்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு மறுத்துவிடாதீர்கள்.